விளக்கின் வளைகோடும் பேட்டரியின் நேர்கோடும்

கார்களில் திரும்பும் திசையைக் காட்டும் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 21 வாட் பல்பு. அதை முழு வெளிச்சத்தில் எரியவிடாமல் மங்கலாக எரியவைக்க வேண்டும். அதற்காக 12 வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்க்கிறோம். இப்போது அந்தச் சுற்றில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும்?

பள்ளியில் படித்த கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் பல்பின் மின்னோட்டம் 1.75 ஆம்பியர். 12 வோல்ட்டை 1.75 ஆம்பியரால் வகுத்தால் பல்பின் மின்தடை 6.86 ஓம். அதனுடன் ரெசிஸ்டரின் 6 ஓமைக் கூட்டினால் மொத்தம் 12.86 ஓம். ஆக, சுற்றில் ஓடுவது 0.93 ஆம்பியர். ரெசிஸ்டரில் வெப்பமாகும் திறன் 5.2 வாட். கணக்கில் எந்த இடத்திலும் பிசகு தெரியவில்லை.

ஆனால் சுற்றை இணைத்து மல்டிமீட்டரை வைத்தால், அது 1.12 ஆம்பியருக்குப் பக்கத்தில் காட்டும். ரெசிஸ்டர் 7.5 வாட் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். கணக்கிட்டதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அது. 5.2 வாட்டை நம்பி ரெசிஸ்டர் வாங்கியவருக்குச் சற்று நேரத்தில் சுடுநாற்றம் வரத் தொடங்கலாம்.

பிசகு ஓம் விதியில் இல்லை. பல்புக்கு 6.86 ஓம் என்று ஒரே ஒரு மின்தடையை நாமாகவே ஒட்டிவிட்டோம், பிசகு அங்கேதான் இருக்கிறது. பல்பின் இரு முனைகளுக்கும் நடுவே முழு 12 வோல்ட் இருக்கும்போது மட்டுமே அந்த எண் உண்மை. நம் சுற்றில் பல்புக்கு 12 வோல்ட் கிடைப்பதில்லை, ஒரு பகுதியை ரெசிஸ்டர் எடுத்துக்கொள்கிறது. குறைந்த மின்னழுத்தத்தில் பல்பின் மின்தடையும் குறைவு. எவ்வளவு குறைவு என்பது பல்புக்கு எத்தனை வோல்ட் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. எத்தனை வோல்ட் கிடைக்கும் என்பதோ பல்பின் மின்தடையைப் பொறுத்தது. ஒன்று தெரிந்தால்தான் மற்றது தெரியும். இந்தச் சிக்கலை ஒரு வரைபடத் தாளும் அடிக்கோலும் கொண்டு அவிழ்க்கும் வழிதான் லோடு லைன் முறை. தமிழில் பளுக்கோடு என்று சொல்லலாம்.

சூடு ஏற ஏற மாறும் இழை

பல்புக்குள் இருப்பது மெல்லிய டங்ஸ்டன் இழை. எந்த உலோகமும் சூடாகும்போது அதன் அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன, எலக்ட்ரான்கள் அவற்றில் மோதித் தடுமாறுவது கூடுகிறது, மின்தடை உயர்கிறது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியிலும் இது நடக்கிறது, ஆனால் அது சில பத்து டிகிரிக்கு மேல் சூடாவதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை. பல்பின் இழையோ அறை வெப்பநிலையிலிருந்து 2000 டிகிரி செல்சியசுக்கும் மேல் போகிறது. இந்தப் பயணத்தில் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. எரியும்போது 6.86 ஓம் உள்ள நம் பல்பு, அணைந்து ஆறியிருக்கும்போது 0.6 ஓம் அளவில்தான் இருக்கும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அணைந்த பல்பைச் சோதிப்பவர்கள், ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று சில சமயம் நினைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, 'இந்தப் பல்பின் மின்தடை எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 'இத்தனை வோல்ட் கொடுத்தால் இத்தனை ஆம்பியர் ஓடும்' என்ற பட்டியல்தான் விடை. அந்தப் பட்டியலை வரைபடமாக்கினால் அது ஒரு வளைகோடு.

வளைகோட்டைப் பெறுவது எப்படி

இதற்கு மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, 2 ஆம்பியர் வரை தரவல்ல ஒரு பவர் சப்ளை வேண்டும். அதிலிருந்து ஓர் அம்மீட்டர் வழியாகப் பல்புக்கு இணைப்பு கொடுக்கவேண்டும். வோல்ட்மீட்டரின் முனைகள் பல்பின் முனைகளையே நேராகத் தொடவேண்டும். பவர் சப்ளையின் முகப்பில் தெரியும் வோல்ட் அளவை எழுதிக்கொண்டால், அம்மீட்டரும் கம்பிகளும் எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தமும் பல்பின் கணக்கில் சேர்ந்துவிடும். பல்பின் மின்தடை ஓரிரு ஓமாக இருக்கும் கீழ்ப்பகுதியில் இந்தப் பிழை பெரிதாகவே தெரியும்.

ஒவ்வொரு முறை மின்னழுத்தத்தை மாற்றிய பிறகும் சில விநாடிகள் பொறுத்து, எண் அசையாமல் நின்ற பிறகே குறித்துக்கொள்ளவேண்டும். இழைக்கு உள்ளே வரும் மின்திறனும் அது ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே விடும் திறனும் சமமான பிறகுதான் அதன் வெப்பநிலை நிலைகொள்கிறது. நாம் வரையப்போவது அந்த நிலைகொண்ட அளவுகளின் கோடு. இது பின்னால் முக்கியமாகும்.

12 வோல்ட், 21 வாட் பல்புக்கு அளவுகள் ஏறத்தாழ இப்படி அமையும். பல்புக்குப் பல்பு சிறிது மாறலாம்.

1 வோல்ட் – 0.45 ஆம்பியர்
2 வோல்ட் – 0.65 ஆம்பியர்
4 வோல்ட் – 0.96 ஆம்பியர்
6 வோல்ட் – 1.20 ஆம்பியர்
8 வோல்ட் – 1.40 ஆம்பியர்
10 வோல்ட் – 1.58 ஆம்பியர்
12 வோல்ட் – 1.75 ஆம்பியர்

வரைபடத் தாளின் கிடை அச்சில் வோல்ட்டையும் செங்குத்து அச்சில் ஆம்பியரையும் எடுத்துக்கொண்டு இந்தப் புள்ளிகளை வைத்துப் பார்த்தால், கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து சாய்ந்து படுக்கிறது. மின்னழுத்தம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டாக இரட்டித்தும் மின்னோட்டம் இரட்டிக்கவில்லை, 1.20-லிருந்து 1.75 ஆம்பியருக்குத்தான் போனது. கூடுதல் மின்னழுத்தம் இழையைக் கூடுதலாகச் சூடாக்குகிறது, சூடு மின்தடையை உயர்த்துகிறது, உயர்ந்த மின்தடை மின்னோட்டத்தை இழுத்துப் பிடிக்கிறது.

புள்ளிகளைச் சேர்க்கும்போது அடிக்கோலை எடுக்கக்கூடாது, கையால் சீரான வளைவாக இணைக்கவேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழேதான் வளைவு அதிகம் என்பதால் அங்கே அரை வோல்ட்டுக்கு ஒன்றாகவாவது அளவெடுப்பது நல்லது. இந்த வளைகோடு முழுக்க முழுக்கப் பல்பின் சொத்து. அதை எந்தப் பேட்டரியில், எந்த ரெசிஸ்டருடன் இணைத்தாலும் இந்தக் கோடு மாறாது.

பல்பை மறந்துவிட்டு ஒரு கோடு

இப்போது பல்பைக் கழற்றிவிடுவோம். எஞ்சியிருப்பது 12 வோல்ட் பேட்டரி, 6 ஓம் ரெசிஸ்டர், காலியான ஒரு ஹோல்டர். இந்தக் கூட்டணி ஹோல்டரின் முனைகளில் என்னென்ன தரமுடியும் என்று கேட்டுப் பார்ப்போம்.

ஹோல்டர் காலியாக இருந்தால் மின்னோட்டம் பூஜ்யம். ரெசிஸ்டரில் எதுவும் ஓடாததால் அது எந்த மின்னழுத்தத்தையும் எடுத்துக்கொள்ளாது. ஹோல்டரின் முனைகளில் முழு 12 வோல்ட்டும் இருக்கும். வரைபடத்தில் இது கிடை அச்சின்மேல் 12 என்ற இடத்தில் ஒரு புள்ளி.

ஹோல்டரின் இரு முனைகளையும் ஒரு தடித்த கம்பியால் இணைத்துவிட்டால் அங்கே மின்னழுத்தம் பூஜ்யம். 12 வோல்ட் முழுவதும் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது. 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். இது செங்குத்து அச்சின்மேல் 2 என்ற இடத்தில் ஒரு புள்ளி.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எந்த நிலையிலும், ஹோல்டரில் இருக்கும் மின்னழுத்தத்தை V என்று வைத்தால், மீதமுள்ளது ரெசிஸ்டரின்மேல் இருக்கும். அதிலிருந்து மின்னோட்டம் கிடைத்துவிடும்:

I = (12 − V) / 6

இது ஒரு நேர்கோட்டின் சமன்பாடு. எனவே இரண்டு புள்ளிகளையும் அடிக்கோலால் இணைத்தால் போதும். அதுதான் பளுக்கோடு. ஹோல்டரில் பல்பைப் போட்டாலும், எல்.இ.டி.யைப் போட்டாலும், வேறொரு ரெசிஸ்டரைப் போட்டாலும் சுற்றின் நிலை இந்தக் கோட்டின்மேல் ஏதாவது ஒரு புள்ளியாகத்தான் இருக்கமுடியும். இந்தக் கோடு பேட்டரிக்கும் ரெசிஸ்டருக்கும் சொந்தமானது. பல்பைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது.

இரண்டும் ஒப்புக்கொள்ளும் இடம்

தொடரிணைப்பில் பல்பு வழியாகவும் ரெசிஸ்டர் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே, சுற்று அமைதியாக இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் நிலை பல்பின் வளைகோட்டின்மேலும் இருக்கவேண்டும், பளுக்கோட்டின்மேலும் இருக்கவேண்டும். இரண்டின்மேலும் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். வளைகோடு ஏறிக்கொண்டே போகிறது, நேர்கோடு இறங்கிக்கொண்டே வருகிறது, அவை ஒரு முறைதான் வெட்டிக்கொள்ளமுடியும். அந்த வெட்டும் புள்ளியை இயங்குபுள்ளி என்கிறோம்.

நம் வரைபடத்தில் அது 5.3 வோல்ட், 1.12 ஆம்பியர் என்ற இடத்தில் விழுகிறது. உடனே சரிபார்த்துவிடலாம். பல்பில் 5.3 வோல்ட் என்றால் ரெசிஸ்டரில் மீதி 6.7 வோல்ட். அதை 6 ஓமால் வகுத்தால் 1.12 ஆம்பியர், பொருந்துகிறது. பல்பு எடுத்துக்கொள்ளும் திறன் சுமார் 5.9 வாட். ரெசிஸ்டர் எடுத்துக்கொள்வது 7.5 வாட். இரண்டையும் கூட்டினால் 13.4 வாட். பேட்டரி தருவது 12 வோல்ட் பெருக்கல் 1.12 ஆம்பியர், அதுவும் 13.4 வாட். இந்தக் கடைசிச் சரிபார்ப்பை ஒருபோதும் விடக்கூடாது. அச்சில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருந்தால் அது இங்கே பிடிபட்டுவிடும்.

இந்த இடத்தில் பல்பின் மின்தடை 5.3-ஐ 1.12-ஆல் வகுக்க, சுமார் 4.7 ஓம். தொடக்கத்தில் நாம் நினைத்த 6.86 ஓமும் அல்ல, ஆறிய பல்பின் 0.6 ஓமும் அல்ல. முன்கூட்டித் தெரிந்திருக்க வழியே இல்லாத இந்த எண்ணைத் தேடித்தான் கணக்கு தடுமாறியது. வரைபடம் அதைக் கேட்காமலேயே விடையைத் தந்துவிட்டது.

பல்பு 21 வாட்டில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் திறனைப் பெறுகிறது. ஆனால் வெளிச்சம் அந்த விகிதத்தில் இருக்காது. இழையின் வெப்பநிலை குறையும்போது அதன் கதிர்வீச்சின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடுகிறது. முழு வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத, செம்மஞ்சளான ஒளிதான் கிடைக்கும். மங்கலான விளக்குக்கு ஆசைப்பட்டவர் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்: பேட்டரி தரும் திறனில் பாதிக்கு மேல் ரெசிஸ்டரைச் சூடாக்கப் போகிறது, எஞ்சியதிலும் மிகச் சிறிய பங்கே ஒளியாகிறது. ரெசிஸ்டரும் 7.5 வாட்டைத் தாங்குவதாக இருந்தால் மட்டும் போதாது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் அது நீடித்து உழைக்க, 15 வாட்டாவது தாங்கும் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் வேண்டும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்டால்

வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் கேள்வி தலைகீழாகத்தான் வரும். 'இந்தப் பல்பு 8 வோல்ட்டில் எரியவேண்டும், என்ன ரெசிஸ்டர் போடுவது?' என்று கேட்பார்கள். வரைபடத்தில் இது இன்னும் எளிது. வளைகோட்டின்மேல் 8 வோல்ட்டுக்கு நேராக உள்ள புள்ளியைப் பார்த்தால் மின்னோட்டம் 1.40 ஆம்பியர். கிடை அச்சின் 12 வோல்ட் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளி வழியாக ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனால், அது செங்குத்து அச்சை 4.2 ஆம்பியரில் தொடும். 12-ஐ 4.2-ஆல் வகுத்தால் சுமார் 2.9 ஓம். அதுதான் வேண்டிய ரெசிஸ்டர். பல்பை 6.86 ஓமாகவே நினைத்துக் கணக்கிட்டிருந்தால் 3.4 ஓம் என்று வந்திருக்கும், பல்பு எதிர்பார்த்ததைவிட மங்கலாக எரிந்திருக்கும்.

ரெசிஸ்டரை மாற்றும்போதெல்லாம் பளுக்கோடு 12 வோல்ட் புள்ளியில் ஊன்றிக்கொண்டு சுழல்கிறது. ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் கோடு சாய்கிறது, சிறிதாக்கினால் நிமிர்கிறது. 10 ஓம் போட்டால் செங்குத்து அச்சை 1.2 ஆம்பியரில் தொடும் கோடு கிடைக்கும். அது வளைகோட்டை 3.35 வோல்ட்டுக்குப் பக்கத்தில், 0.87 ஆம்பியரில் வெட்டும். ஒரே வளைகோட்டின்மேல் நாலைந்து பளுக்கோடுகளை வரைந்து வைத்துவிட்டால், எந்த ரெசிஸ்டருக்குப் பல்பு எப்படி எரியும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பேட்டரி மாறினால் கதை வேறு. கார் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட் அளவில் இருக்கும். ரெசிஸ்டர் அதே 6 ஓம் என்பதால் கோட்டின் சாய்வு மாறாது, கோடு அப்படியே இணையாக வலப்புறம் நகரும். 14 வோல்ட்டில் தொடங்கி 2.33 ஆம்பியரில் முடியும். புதிய வெட்டும் புள்ளி 6.5 வோல்ட், 1.25 ஆம்பியர். கூடுதலாக வந்த 2 வோல்ட்டில் 1.2 வோல்ட்டைப் பல்பே எடுத்துக்கொண்டுவிட்டது. மின்தடை 4.7 ஓமிலேயே நின்றிருந்தால் அது 0.9 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் எடுத்திருக்கும். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு கூடியபோது மின்னோட்டம் சுமார் எட்டில் ஒரு பங்குதான் கூடியது. சுற்றின் மின்னோட்டத்தைப் பெரிதாக ஆடவிடாமல் பிடித்து வைக்கும் குணம் இழைக்கு இயல்பாகவே இருக்கிறது.

சுவிட்சைப் போட்ட கணத்தில்

வெட்டும் புள்ளிக்குச் சுற்று எப்படி வந்து சேர்கிறது? இதைக் கவனித்தால் இரண்டு கோடுகளுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு புரியும்.

சுவிட்சைப் போடும் கணத்தில் இழை ஆறியிருக்கிறது, மின்தடை 0.6 ஓம். ரெசிஸ்டருடன் சேர்த்து 6.6 ஓம். அந்தக் கணத்தில் 1.8 ஆம்பியர் பாய்கிறது, பல்பின் முனைகளில் 1.1 வோல்ட்தான் இருக்கிறது. இந்தப் புள்ளியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அது பளுக்கோட்டின்மேல்தான் இருக்கிறது, ஆனால் பல்பின் வளைகோட்டுக்கு வெகு மேலே நிற்கிறது. வளைகோட்டின்படி 1.1 வோல்ட்டுக்கு அரை ஆம்பியரைக்கூட எட்டக்கூடாது.

ரெசிஸ்டரும் பேட்டரியும் தங்கள் விதியை ஒவ்வொரு கணமும் பின்பற்றுகின்றன, எனவே பளுக்கோடு எப்போதும் செல்லும். பல்பின் வளைகோடோ, இழை வேண்டிய அளவு சூடாகி நிலைகொண்ட பிறகுதான் செல்லும். அளவெடுக்கும்போது பொறுத்திருந்து குறித்தது அதனால்தான். சுவிட்ச் போட்டதும் சுற்றின் நிலை பளுக்கோட்டின் மேல் முனையருகே தோன்றி, இழை சூடாகச் சூடாக அந்தக் கோட்டின் வழியாகவே கீழே வழுக்கி வந்து வளைகோட்டைத் தொடும் இடத்தில் நிற்கிறது. சின்னப் பல்புகளில் இதெல்லாம் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

தற்செயலாக அது அந்தப் புள்ளியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? அங்கே இழை தான் வெளிவிடும் திறனைவிடக் குறைவான திறனையே பெறும், அதனால் ஆறும், மின்தடை குறையும், நிலை திரும்பி வரும். இயங்குபுள்ளி தானாகவே தன்னைக் காத்துக்கொள்கிறது.

ரெசிஸ்டர் இல்லாமல் பல்பை நேராகப் பேட்டரியில் இணைத்தால் இந்தத் தொடக்கக் கணம் கடுமையானது. 12-ஐ 0.6-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர். கம்பிகளும் பேட்டரியின் உட்தடையும் அதைச் சற்றுக் குறைக்கும் என்றாலும், இயல்பான 1.75 ஆம்பியரைப்போலப் பல மடங்கு அது. பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடச் சுவிட்சைப் போடும்போதே அடிக்கடி போவது இதனால்தான். இழையில் மெலிந்துபோன ஓர் இடம் இருந்தால், அந்தப் பாய்ச்சலில் அது மற்ற இடங்களுக்கு முன்னால் சூடாகி உருகிவிடுகிறது. 6 ஓம் ரெசிஸ்டர் இருந்தபோது அதே பாய்ச்சல் 1.8 ஆம்பியரில் அடங்கிவிட்டது.

எங்கே தவறு நேரும்

கணித்த எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் பொருந்தவில்லை என்றால், முதலில் பளுக்கோட்டின் இரு முனைகளைச் சந்தேகிக்கவேண்டும். பேட்டரியின்மேல் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும், நன்கு சார்ஜ் ஆன கார் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். கம்பிகள், சுவிட்ச், அம்மீட்டர் ஆகியவற்றின் மின்தடையும் சேர்ந்து அரை ஓம் ஆகிவிட்டால், நம் 6 ஓம் உண்மையில் 6.5 ஓம். பல்பைக் கழற்றி ஹோல்டரில் மின்னழுத்தத்தை அளந்தால் முதல் முனை உறுதியாகிவிடும். ரெசிஸ்டர் சூடாக இருக்கும்போது அதன்மேல் உள்ள மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்த்தால், அது இன்னும் 6 ஓமாகத்தான் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு, ஒரு பல்பின் வளைகோட்டை வைத்து வேறொரு பல்புக்குக் கணிப்பது. 5 வாட் பல்பின் கோடு தனி, 21 வாட் பல்பின் கோடு தனி. மூன்றாவது தவறு, வேகமாக மாறும் மின்னழுத்தத்துக்கு இந்த வளைகோட்டைப் பயன்படுத்துவது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் மாறுகிறது. அந்த வேகத்துக்கு இழையின் வெப்பநிலை ஈடுகொடுத்து ஏறி இறங்காது. ஒரு சுழற்சிக்குள் அது கிட்டத்தட்ட நிலையான மின்தடையாகவே நடந்துகொள்ளும். அந்த மின்தடை எவ்வளவு என்பதைச் சராசரி வெப்பம் முடிவு செய்யும். அதனால் மல்டிமீட்டர் காட்டும் ஆர்.எம்.எஸ். அளவுகளை வைத்து வளைகோட்டையும் பளுக்கோட்டையும் வரைந்தால் வீட்டு மின்சாரத்துக்கும் முறை பொருந்தும். கணத்துக்குக் கணம் மாறும் அளவுகளை வைத்து வரைந்தால் பொருந்தாது.

மெக்கானிக்கின் சீரிஸ் போர்டு

இந்த முறையால் நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு கருவி, மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கும் சீரிஸ் போர்டு. ஒரு 100 வாட் குண்டு பல்பும் ஒரு பிளக் சாக்கெட்டும் தொடரிணைப்பில் இருக்கும் பலகை அது. பழுதான சாதனத்தை நேராக 230 வோல்ட்டில் செருகாமல் முதலில் இதில் செருகிப் பார்ப்பார்கள்.

உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பல்புக்கு முழு 230 வோல்ட்டும் வந்து, அது முழு வெளிச்சத்தில் எரியும். ஓடும் மின்னோட்டம் பல்பின் இயல்பான 0.43 ஆம்பியரைத் தாண்டாது, ஃபியூஸ் போகாது. சாதனத்துக்குள் இணைப்பே அறுந்திருந்தால் பல்பு எரியாது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். இடைப்பட்ட நிலைகளுக்குத்தான் பளுக்கோடு தேவைப்படுகிறது.

750 வாட் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை சுமார் 70 ஓம். அதைச் செருகினால் பளுக்கோடு 230 வோல்ட்டிலிருந்து செங்குத்து அச்சில் 3.3 ஆம்பியர்வரை கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். பல்பின் வளைகோட்டை அது 202 வோல்ட், 0.40 ஆம்பியர் அளவில் வெட்டும். பல்பு கொஞ்சம்தான் மங்கும், பெட்டிக்கு 28 வோல்ட்தான் கிடைக்கும். ஷார்ட் ஆன சாதனத்துக்கும் நல்ல இஸ்திரிப் பெட்டிக்கும் பல்பின் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியாததற்குக் காரணம் இதுவே. அதிகத் திறன் எடுக்கும் சாதனங்களை 100 வாட் பல்பை வைத்துச் சோதித்தால் முடிவுக்கு வருவது கடினம். அங்கே 200 வாட் பல்போ, இரண்டு பல்புகளை இணையாகவோ போடவேண்டும்.

1000 ஓம் மின்தடையுள்ள சிறிய சாதனத்தைச் செருகினால் கோடு நன்றாகச் சாய்ந்து, வளைகோட்டை 47 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வெட்டும். பல்பு லேசாகச் சிவந்து நிற்கும், சாதனத்துக்கு 183 வோல்ட் போய்ச் சேரும். பல்பு எப்போதும் தன் 529 ஓமிலேயே நிற்கும் சாதாரண ரெசிஸ்டராக இருந்திருந்தால், அதுவே 80 வோல்ட்டை விழுங்கியிருக்கும்.

சீரிஸ் போர்டில் குண்டு பல்பை வைப்பதன் காரணம் இப்போது தெளிவாகிறது. நல்ல, சிறிய சாதனம் செருகப்பட்டால் இழை ஆறியே இருந்து தன் மின்தடையைத் தாழ்த்திக்கொள்கிறது, சாதனத்துக்குப் போதிய மின்னழுத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. ஷார்ட் ஆன சாதனம் செருகப்பட்டால் சூடாகி மின்தடையை உயர்த்திக்கொண்டு மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறது. சாதாரண ரெசிஸ்டர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். குண்டு பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. பல்பைப் போட்டாலும் நடக்காது. அதனுள் இருப்பது எலக்ட்ரானிக் சுற்று, அதன் வளைகோடு முற்றிலும் வேறு. எனவே சீரிஸ் போர்டுக்கென்று வாங்கும்போது இழை உள்ள பல்புதானா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சாக்கெட்டில் எதுவும் செருகாதபோது பளுக்கோட்டின் இன்னொரு முனைதான் நிலவரம்: மின்னோட்டம் பூஜ்யம், முனைகளில் முழு 230 வோல்ட். பல்பு எரியாமல் இருப்பதைப் பார்த்து அங்கே மின்சாரம் இல்லை என்று கையை வைத்துவிடக்கூடாது. மனித உடலின் மின்தடை ஆறிய இழையின் மின்தடையைவிட மிக மிக அதிகம். அதனால் பல்பு துளியும் சிவக்காமலேயே கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும் உடலின்மேல் விழும். சீரிஸ் போர்டு ஃபியூசையும் சாதனத்தையும் காக்கும், தொட்டவரைக் காக்காது.